வீக்கெண்ட் டியூசன் எடுக்கலாமா? ஆபீஸுக்கு அனுப்பின ஒரு மெயிலின் கதை

நாகர்கோவில்ல ஒரு தனியார் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பிரிவில வேலை பாக்குற தம்பி ஒருத்தன், போன வருஷம் எனக்கு போன் பண்ணினான். "அண்ணே, தக்கலையில ஒரு டியூசன் சென்டர்ல பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அக்கவுண்டன்சி எடுக்க கூப்பிடுகாங்க. சனி, ஞாயிறு மட்டும்தான். ஆபீஸ்ல சொல்லணுமா, சொல்லாம போயிரலாமா?"

சம்பளம் கையில 28,000 ரூபாய். டியூசன்ல மணிக்கு 350 ரூபாய். சனிக்கிழமை ஆபீஸ் மதியம் ஒன்றரைக்கு முடியும், அதனால சனி 4 முதல் 6. ஞாயிறு காலையில பாதி பிள்ளைங்க சர்ச்சுக்குப் போயிருவாங்க, அதனால மதியம் 2 முதல் 6. வாரம் 6 மணி நேரம், 2,100 ரூபாய். மாசம் 8,400. நாகர்கோவில்ல இருந்து தக்கலைக்கு பைக்ல போய் வர பெட்ரோல் மாசம் 600 ரூபாய் ஆகும்னு வைங்க. ஜூன்ல இருந்து மார்ச் வரை 10 மாசத்துக்கு செலவு போக 78,000 ரூபாய் நிக்கும். அவன் அக்கா கல்யாணத்துக்கு வாங்கின நகைக்கடனை அடைக்க இந்தப் பைசா போதும்.

சொல்லாம போனா என்ன ஆகும்? வேலை போனா மாசம் 28,000 போகுது. அதோட போகாம, ரிலீவிங் லெட்டரும் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரும் சிக்கல்ல மாட்டும். 8,400-க்காக அதைப் பணயம் வைக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்லை. நான் கேட்ட முதல் கேள்வி: "உன் ஆஃபர் லெட்டரை எடுத்துப் படிச்சியா?"

படிக்கலை. நம்மள்ல முக்காவாசிப் பேர் சம்பளம் எழுதின பக்கத்தைத் தாண்டிப் படிக்கிறதே இல்லை.

ஆஃபர் லெட்டர்ல எந்த வரியைத் தேடணும்?

இந்த விஷயத்துல பலர் சட்டத்தைத் தேடிப் போறாங்க. 1948-ம் வருஷத்து தொழிற்சாலைகள் சட்டத்துல 2025 வரைக்கும் 60-வது பிரிவு இருந்துச்சு. ஒரே நாள்ல ரெண்டு தொழிற்சாலையில வேலை செய்யக் கூடாதுன்னு அது சொல்லுச்சு. டியூசன் சென்டர் தொழிற்சாலை கிடையாது, அதனால அந்தப் பிரிவு நமக்குப் பொருந்தலை. ஆனா அதை வச்சு "சட்டத்துல தடை இல்லை"ன்னு கிளம்பிறாதீங்க. நம்மைக் கட்டுறது பெரும்பாலும் நாம கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான்.

அதுல ரெண்டு மாதிரி வரி இருக்கும். ஒண்ணு, "நிறுவனத்தின் முன் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வேறு பணியில் ஈடுபடக் கூடாது". இன்னொண்ணு, "வேறு எந்தப் பணியிலும் ஈடுபடக் கூடாது", அவ்வளவுதான். முதல் மாதிரி இருந்தா கதவு சும்மா சாத்தி வச்சிருக்குன்னு அர்த்தம், தட்டலாம். ரெண்டாவது மாதிரி இருந்தாலும் கேட்கலாம், ஆனா அங்க நீங்க கேட்கிறது விதிவிலக்கு. கடிதத்தோட தொனியும் அதுக்கேத்த மாதிரி இருக்கணும்.

2022-ல ஐடி கம்பெனிகள்ல இது பெரிய சண்டையா ஓடுச்சு. போட்டி நிறுவனங்களுக்கு வேலை செஞ்சதுக்காக 300 பேரை வேலையை விட்டு எடுத்ததா விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி சொன்னார். அதே வருஷம் இன்ஃபோசிஸ் முதல்ல கறாரா எச்சரிச்சுட்டு, அக்டோபர்ல மேனேஜர், எச்ஆர் ரெண்டு பேரோட முன் அனுமதியோட வெளிவேலை செய்யலாம், போட்டி நிறுவனமா இருக்கக் கூடாதுன்னு வழி விட்டுச்சு. ரெண்டு கம்பெனியும் பாத்தது ஒரே விஷயத்தைத்தான். வெளிவேலை நம்ம தொழிலோட மோதுதா?

அரசு வேலையில இருக்கவங்க இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்காதீங்க. அவங்களுக்கு நடத்தை விதிகள் தனி. பள்ளி ஆசிரியரா இருந்தா 2009-ம் வருஷத்து கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு தனி டியூசன் எடுக்கிறதையே தடை பண்ணுது.

தம்பியோட லெட்டர்ல இருந்தது முதல் மாதிரி வரி. சரி, எழுதுன்னு சொன்னேன்.

முதல் கடிதம் ஏன் தப்பு?

அவன் எழுதி எனக்கு அனுப்பினது இப்படி இருந்துச்சு: "வீட்டில் கடன் உள்ளது. தற்போதைய சம்பளம் போதவில்லை. எனவே வார இறுதியில் டியூசன் எடுக்க உள்ளேன். தங்களிடமிருந்து மறுப்பு வராவிட்டால் அனுமதி அளித்ததாக எடுத்துக்கொள்கிறேன்."

நாலு வரியில மூணு தப்பு. சம்பளம் போதலைன்னு எழுதினா அது அனுமதிக் கடிதமா இருக்காது, இன்க்ரிமென்ட் கேக்குற கடிதமாத்தான் வாசிக்கப்படும். ஆபீஸும் பதிலை அதுக்குத்தான் சொல்லும். "எடுக்க உள்ளேன்"னா முடிவு ஏற்கெனவே எடுத்தாச்சு, அப்புறம் எதுக்கு அனுமதி? மூணாவதுதான் ஆபத்து. ஆபீஸ் பேசாம இருந்தா அது சம்மதம் ஆகாது. நாளைக்கு எச்ஆர் மாறினா, புதுசா வந்தவர் கையில "முன் எழுத்துப்பூர்வ அனுமதி"ன்ற வரி மட்டும்தான் இருக்கும். உங்க கையில ஒண்ணும் இருக்காது.

மெயில் அனுப்பறதுக்கு முன்னாடி மேனேஜர்கிட்ட நேர்ல ஒரு வார்த்தை பேசச் சொன்னேன். நம்ம ஊர்ல அதுதான் மரியாதை. அதுவும் போக, அவரோட கவலை என்னன்னு அப்பதான் தெரியும். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, மார்ச் மாசம் என்ன பண்ணுவ?"

அதைப் பத்தி நாங்க ரெண்டு பேருமே யோசிச்சிருக்கலை! அக்கவுண்ட்ஸ்காரனுக்கு மார்ச் 31 கணக்கு முடிக்கிற நாள். பிளஸ் டூ பப்ளிக் எக்ஸாமும் மார்ச்ல. ஆபீஸுக்கு இவன் ரொம்பத் தேவைப்படுற அதே மாசம்தான் சென்டருக்கும் இவன் ரொம்பத் தேவை. இது போக மாசாமாசம் 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி தாக்கல். அது வீக்கெண்டை ஒட்டி வந்தா சனிக்கிழமை ஒன்றரைக்கு யாரும் கிளம்ப முடியாது.

தம்பி தக்கலைக்குப் போய் சென்டர் நடத்துறவர்கிட்ட பேசினான். பாடத்தை பிப்ரவரி ரெண்டாவது வாரத்துக்குள்ள முடிச்சிர்றேன், மார்ச்ல ஞாயிறு மட்டும் வர்றேன், சனிக்கிழமை டெஸ்ட்டை நீங்க வேற ஆள் வச்சு நடத்திக்கிடுங்கன்னான். அவர் ஒத்துக்கிட்டார், ஆனா மார்ச் மாசப் பைசா குறையும்னுட்டார். 4 சனிக்கிழமை, 8 மணி நேரம், 2,800 ரூபாய். அதுக்கு அப்புறம்தான் ரெண்டாவது கடிதம்.

அனுப்பின கடிதம்

மெயில் இங்கிலீஷ்ல போச்சு. பேரை எடுத்துட்டு தமிழ்ல தர்றேன்.

"ஐயா,

எனது பணி நியமனக் கடிதத்தின்படி வெளிப்பணிக்கு முன் அனுமதி தேவை என்பதால் இதை எழுதுகிறேன். தக்கலையில் உள்ள ஒரு டியூசன் மையத்தில் பிளஸ் டூ மாணவர்களுக்கு கணக்குப்பதிவியல் கற்பிக்க அனுமதி கோருகிறேன். நேரம்: சனி மாலை 4 முதல் 6, ஞாயிறு மதியம் 2 முதல் 6. காலம்: வரும் ஜூன் முதல் மார்ச் வரை. இன்னும் வகுப்பு எதையும் தொடங்கவில்லை.

இந்த மையத்திற்கும் நமது நிறுவனத்திற்கும் வணிகத் தொடர்பு இல்லை. அலுவலக லேப்டாப், மென்பொருள், ஆவணங்கள் எதையும் வகுப்பிற்குப் பயன்படுத்த மாட்டேன். மையத்தின் விளம்பரங்களில் நிறுவனத்தின் பெயர் வராது.

ஜிஎஸ்டி தாக்கல் நாட்களில் சனிக்கிழமை தேவைப்பட்டால் அலுவலகத்தில் இருப்பேன். மார்ச் மாதத்தில் சனிக்கிழமை வகுப்பு எடுக்க மாட்டேன். இதற்கு மையம் சம்மதித்துள்ளது. பணி பாதிக்கப்படுவதாகத் தாங்கள் கருதினால், 15 நாள் அவகாசத்தில் வகுப்பை நிறுத்திக்கொள்கிறேன்.

தங்கள் அனுமதியை மின்னஞ்சல் மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்."

கடனைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை பாருங்க. மணிக்கு எவ்வளவு வாங்குறான்னும் இல்லை. கேட்டா சொல்லலாம், கேட்காம சொல்லத் தேவையில்லை. "இன்னும் தொடங்கவில்லை"ன்ற வரி ரொம்ப முக்கியம். ஏற்கெனவே ரெண்டு மாசம் எடுத்துட்டு கேட்டா, அது அனுமதி கேக்குறது ஆகாது. நாமே எழுதிக் குடுத்த ஒப்புதல் வாக்குமூலம் ஆயிரும். "நிறுத்திக்கொள்கிறேன்"ல தம்பிக்கு தயக்கம் இருந்துச்சு, நாமளே கத்தியைக் குடுக்கிற மாதிரி இருக்கேன்னான். கத்தி எப்படியும் அவங்க கையிலதான் இருக்கு. 15 நாள்னு எழுதினதால, திடீர்னு நிறுத்தச் சொன்னாலும் பிள்ளைங்களுக்கு வேற வாத்தியாரைப் பாக்க நேரம் கிடைக்கும்.

ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாவது நாள், அதே மெயிலுக்குக் கீழயே ரெண்டு வரியில ஞாபகப்படுத்தினான். மறுநாள் எச்ஆர் போன்ல "பண்ணிக்கோங்க தம்பி"ன்னாங்க. சந்தோஷம்தான், ஆனா போன்ல சொன்னது எழுத்து இல்லையே. "மேடம், நீங்க போன்ல சொன்னபடி அனுமதி உண்டுன்னு ஒரு வரி மெயில்ல போட முடியுமா"ன்னு பணிவா எழுதினான். வந்துச்சு. ஒரு வருஷத்துக்கு அனுமதி, மறுபடி வேணும்னா மறுபடி கேக்கணும். வார நாள்ல ஆன்லைன் வகுப்பு கூடாது.

அந்தக் கடைசி நிபந்தனை சென்டர்காரருக்குக் கசந்துச்சு. புதன்கிழமை ராத்திரி ஒரு மணி நேரம் டவுட் கிளாஸ் எடுப்பான்னு அவர் நினைச்சிருந்தார். தம்பி முடியாதுன்னுட்டான்.

பைசா எப்படி வரணும்?

சென்டர் ரெண்டு விதமா குடுக்கலாம். சம்பளமா போட்டு பிஎஃப் பிடிச்சா, உங்க யுஏஎன் நம்பர்ல ரெண்டு முதலாளி தெரிவாங்க. சொல்லாம வேலை பாத்த பல ஐடி ஆட்கள் மாட்டினது இப்படித்தான். அனுமதி இருந்தாலும், பகுதி நேர வகுப்புக்கு அந்த வழி தேவையில்லாத தலைவலின்னு நான் நினைக்கேன். வகுப்புக்கு இவ்வளவுன்னு தொழில் கட்டணமா வாங்கினா, வருஷத்துல 50,000 ரூபாயைத் தாண்டும்போது, டிடிஎஸ் பிடிக்க வேண்டிய அளவு பெரிய சென்டரா இருந்தா 10 சதவீதம் பிடிப்பாங்க. மார்ச்ல குறைஞ்சது போக தம்பியோட வருமானம் 81,200. பிடிச்சா 8,120 ரூபாய் போகும். மொத்த வருமானத்துக்கு வரியே வராத நிலையில இருந்தா, ரிட்டர்ன் தாக்கல் பண்ணினாதான் அது திரும்ப வரும். ஆனா தொழில் வருமானம் இருந்தா சம்பளக்காரங்க போடுற ஐடிஆர்-1 போட முடியாது. எந்த ஃபார்ம்னு ஆடிட்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க.

அனுமதி மெயில் ஆபீஸ் இன்பாக்ஸ்லயே கிடந்தா, வேலையை விட்ட அன்னிக்கு அது கூடவே பூட்டிக்கும். சில கம்பெனிகள்ல ஆபீஸ் மெயிலை சொந்த ஐடிக்கு ஃபார்வேர்ட் பண்றதும் தப்பு. அதனால தம்பி எச்ஆர்கிட்ட கேட்டு ஒரு பிரின்ட் எடுத்து, ஆஃபர் லெட்டர் வச்சிருக்கிற ஃபைல்லயே சேத்து வச்சான். அடுத்த வருஷ அனுமதி கேக்க, மே முதல் வாரத்துல போன்ல ஒரு ரிமைண்டரும் போட்டிருக்கான்.