வீடு கட்டும் கணக்கு – 9
சுற்றுச்சுவர்: தூணும் அடிக்கட்டையும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, மண்ணியாறு பாயும் திருப்பனந்தாள் வட்டாரத்தில் வீட்டுமனைகளில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் வயலாக இருந்தவை. களிமண் கோடையில் சுருங்கி வெடிக்கும், மழையில் ஊறி உப்பும். இந்த மண்மேல் ஆழமில்லாமல் எழுப்பும் சுற்றுச்சுவர் சில ஆண்டுகளில் சாயத் தொடங்குகிறது. அதைத் தடுப்பவை தூணும் அதன் அடியில் புதையும் கான்கிரீட் அடிக்கட்டையும்தான்.

எடுத்துக்காட்டாக, 100 அடி நீளமும் 6 அடி உயரமும் உள்ள ஒரு பக்கச் சுவரைப் பார்க்கலாம். தூண்கள் 10 அடிக்கு ஒன்று. நூறைப் பத்தால் வகுத்து 10 தூண் என்று கணக்குப் போடுவது வழக்கமான தவறு. இரு முனைகளிலும் தூண் வேண்டும் என்பதால் தேவை 11. பொருளை மிச்சம் பிடிக்க இடைவெளியை 15 அடியாக்கினால், ஒவ்வொரு தூணும் தாங்க வேண்டிய காற்றின் விசை ஒன்றரை மடங்காகும். 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்த டெல்டாவில் இது ஏட்டுக்கணக்கு அல்ல.

குழி 3 அடிக்கு 3 அடி, ஆழம் 4 அடி. அடியில் கடப்பாரை எளிதாக இறங்கினால் மண் இன்னும் இளகலாக இருக்கிறது என்று பொருள். கெட்டி மண் வரும்வரை தோண்ட வேண்டும். குழியில் நீர் ஊறினால் இறைத்துவிட்டுத்தான் கான்கிரீட் போட வேண்டும். அறுவடை முடிந்து வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முந்தைய மாதங்களே இந்த வேலைக்கு ஏற்றவை.

குழியின் அடியில் ஒன்றரை ஜல்லி போட்டு 4 அங்குலக் கனத்தில் 1:4:8 கலவை. ஒரு குழிக்கு 3 கன அடி. அதன்மேல் இரண்டரை அடிச் சதுரத்தில், ஓரடி கனத்தில் அடிக்கட்டை: 6.25 கன அடி. அங்கிருந்து எழும் 9 அங்குலச் சதுரத் தூண், தரைக்குக் கீழே 2 அடி 8 அங்குலமும் மேலே 6 அடியும் சேர்ந்து 4.9 கன அடி. ஆக, அடிக்கட்டையும் தூணும் சுமார் 11.1 கன அடி. பதினொன்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 122 கன அடி. இதற்கு 1:1½:3 கலவையில் 28 மூட்டை சிமென்ட், 51 கன அடி மணல், 103 கன அடி முக்கால் ஜல்லி. அடிப்பரப்புக் கலவைக்கு இன்னும் 4 மூட்டை.

மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டர் தண்ணீர் போதும். கலவை ஈரமாக வழுக்கிச் செல்வது கொத்தனாருக்கு வசதிதான். ஆனால் தண்ணீர் கூடினால் வலிமை குறையும். சரியாகக் குத்திவிடாத கலவையோ தூணின் காலில் ஓட்டை ஓட்டையாக நின்றுவிடும். பலகையைப் பிரித்ததும் பார்க்க வேண்டிய இடம் அந்தக் கால்தான்.

தூணுக்கு 12 எம்எம் கம்பி நான்கு. இந்திய தர நியமம் ஐஎஸ் 456, தூணின் பரப்பில் 0.8 சதவீதம் கம்பி இருக்க வேண்டும் என்கிறது. 9 அங்குலத் தூணில் நான்கு 12 எம்எம் கம்பிகள் அந்த அளவைச் சற்றே தாண்டும். 10 எம்எம் போட்டால் எட்டாது. 8 எம்எம் ரிங் 6 அங்குலத்துக்கு ஒன்றாகத் தூணுக்கு 20. அடிக்கட்டைக்குள் 10 எம்எம் கம்பி குறுக்கே ஐந்து, நெடுக்கே ஐந்து. இந்த ஜன்னல், கவர் பிளாக்கின்மேல் இரண்டு அங்குலம் தூக்கி நிற்க வேண்டும்.

ஏமாற்றம் பெரும்பாலும் நிகழ்வது தூண் கம்பியின் நீளத்தில். அடிக்கட்டையில் ஓரடி மடங்கிப் படுக்கும் காலோடு சேர்த்து ஒரு கம்பிக்குப் பத்தரை அடி வேண்டும். கடையில் வரும் கம்பி 12 மீட்டர், அதாவது 39 அடி 4 அங்குலம். அதில் மூன்று துண்டுதான் கிடைக்கும். எட்டடிக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். காலை நான்கு அங்குலமாகக் குறைத்தால் நான்கு துண்டு வந்துவிடும். “தூணுக்கு ஒரு கம்பி” என்று கணக்கும் முடிந்துவிடும். ஆனால் தூணை அடிக்கட்டையோடு பிடித்து வைப்பது அந்தக் கால். எனவே 44 துண்டுக்கு 15 கம்பி வாங்குவதே சரி. மிஞ்சும் துண்டுகள் தரைமட்ட பீமில், தூணை ஒட்டிய மேல்கம்பியாகப் பயன்படும்.

எடைக்கணக்கில், 15 கம்பிகள் 160 கிலோ, ரிங்குகள் 65 கிலோ, ஜன்னல் 45 கிலோ. சேதாரம் சேர்த்து 280 கிலோ வாங்கினால் போதும். தூண்களை இணைக்கும் பீமின் கணக்கு தனி. அது அடுத்த இதழில்.

கான்கிரீட் வண்டி வருவதற்கு முன் வீட்டுக்காரர் ஒரு டேப்புடன் ஒவ்வொரு குழியிலும் அந்தக் காலை அளந்துவிடட்டும். மூடிய பிறகு அதைப் பார்க்க வழியில்லை.