ஆட்குறைப்புக் கடிதத்தில் கணக்கு எங்கே?

"நிறுவனத்தின் வர்த்தகச் சூழல் காரணமாக உங்கள் பணியிடம் இனித் தேவைப்படவில்லை. சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டிய தொகை உரிய நேரத்தில் வழங்கப்படும்." மலேசியத் தொழிற்சாலைகளில் ஆட்குறைப்பு நடக்கும்போது இப்படி நாலைந்து வரியோடு முடிந்துபோகிற கடிதங்கள் இன்னமும் வருகின்றன. எவ்வளவு, எந்தத் தேதியில், எப்படிக் கணக்கிட்டது என்று ஒன்றும் இருக்காது. தொகையைக் கொடுக்கும்போது அதை எப்படிக் கணக்கிட்டோம் என்று எழுத்தில் தர வேண்டியது முதலாளியின் கடமை. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கென 1980ஆம் ஆண்டில் வந்த விதிமுறைகளே அப்படித்தான் சொல்கின்றன. அந்தக் கணக்கைக் கடிதத்திலேயே போட்டுவிடுகிற நிறுவனங்களும் உண்டு. அவர்கள் வாசலில் கூட்டம் கூடுவது குறைவு.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். பிறையில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண்மணி என்று வைத்துக்கொள்வோம். 2017 மார்ச் 1 அன்று சேர்ந்தவர். அடிப்படைச் சம்பளம் 2,300 ரிங்கிட், மாதா மாதம் தவறாமல் வரும் திறன் படி 300 ரிங்கிட், ஆக 2,600. 2025 ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை, கடிதம் கைக்கு வருகிறது.

முதலில் பார்க்க வேண்டியது கடைசி நாள். ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்குக் குறைந்தது எட்டு வார முன்னறிவிப்பு தர வேண்டும். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் ஆறு வாரம், அதற்கும் குறைவென்றால் நான்கு. வேலை ஒப்பந்தத்தில் ஒரு மாதம் என்று எழுதியிருந்தாலும் ஆட்குறைப்பின்போது இந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது. கடிதம் கொடுத்த நாளும் கணக்கில் சேரும் என்பதால் ஆகஸ்ட் 4இலிருந்து 56 நாள் எண்ணினால் செப்டம்பர் 28இல் முடிகிறது. நம் பெண்மணியின் வேலை ஒப்பந்தம் முடிவது அன்றுதான்.

இங்கேதான் பல கடிதங்கள் குழப்புகின்றன. "ஆகஸ்ட் 29 முதல் நீங்கள் வேலைக்கு வர வேண்டாம், சம்பளம் உண்டு" என்று ஒரு வரி இருக்கும். தொழிற்சாலைக்குள் கடைசியாகக் கால் வைக்கும் நாள் ஒன்று, ஒப்பந்தம் முடியும் நாள் வேறு. இரண்டையும் தனித்தனியாகத் தேதி போட்டுச் சொல்லவில்லையென்றால் அடுத்து வரும் எல்லாக் கணக்கும் ஆட்டம் காணும். சேவைக்காலம், இழப்பீடு வர வேண்டிய நாள், புகார் கொடுக்கும் கெடு எல்லாமே ஒப்பந்தம் முடியும் நாளைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

இனி இழப்பீடு. ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் இருந்தால் ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம், ஐந்து ஆண்டுக்குள் என்றால் பதினைந்து நாள், ஐந்தோ அதற்கு மேலோ என்றால் இருபது நாள். முழுமையாகாத ஆண்டை மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். 2017 மார்ச் முதல் 2025 செப்டம்பர் 28 வரை என்பதை அருகிலுள்ள மாதத்துக்குச் சரிசெய்தால் 8 ஆண்டு 7 மாதம். ஆண்டுக்கு இருபது நாள் வீதம் 171.67 நாள் சம்பளம் வருகிறது.

ஒரு நாள் சம்பளம் என்பது கடைசிப் பன்னிரண்டு மாதச் சம்பளத்தின் சராசரி. 2,600ஐப் பன்னிரண்டால் பெருக்கி 365ஆல் வகுத்தால் 85.48 ரிங்கிட். ஆக இழப்பீடு 14,673.97 ரிங்கிட். கடிதத்தில் இந்தப் பெருக்கல் அப்படியே இருந்தால் போதும், வீட்டில் கால்குலேட்டரில் சரிபார்த்துவிடலாம்.

தொகை குறைந்திருந்தால் இரண்டு இடத்தில் தேடுங்கள். ஒன்று, சேவைக்காலம். கடிதம் கொடுத்த நாளோடு நிறுத்தி 8 ஆண்டு 5 மாதம் என்று போட்டால் 285 ரிங்கிட் குறையும். இன்னொன்று சம்பளம், அடி பலமாக விழுவது இங்கேதான். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திறன் படியை விட்டுவிட்டால் 1,693 ரிங்கிட் காணாமல் போகும். செய்த வேலைக்காகப் பணமாகத் தருவது சம்பளத்தில் சேரும். பயணப் படியும் வருடாந்தர போனசும் சேராது. ஆகவே சம்பளச் சீட்டில் உள்ள ஒவ்வொரு வரியையும் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மிச்சமுள்ள விடுப்புக்கான காசு தனி. அதற்கு மாதச் சம்பளத்தை 26ஆல் வகுப்பது வழக்கம். நம் பெண்மணிக்கு ஐந்து நாள் மிச்சம் என்றால் நாளுக்கு 100 வீதம் 500 ரிங்கிட். ஒரே கடிதத்தில் ஒரு நாள் சம்பளம் 85.48 என்றும் 100 என்றும் இருப்பதைப் பார்த்துச் சிலர் பதறுவார்கள். இரண்டும் சரிதான், வகுக்கும் எண்தான் வேறு. இதைக் கடிதத்தில் ஒரு வரியில் விளக்கிவிட்டால் மனிதவள அதிகாரிக்குப் பாதி தொலைபேசி அழைப்பு மிச்சம்.

ஒப்பந்தம் முடியும் நாளுக்குள் சம்பள பாக்கி வந்துவிட வேண்டும். அதிலிருந்து ஏழு நாளுக்குள் இழப்பீடு. நம் கணக்கில் அக்டோபர் 5. இழப்பீட்டில் இபிஎப் பிடிக்கக் கூடாது. விடுப்புக் காசில் பிடிப்பார்கள். வருமான வரியைப் பொறுத்தவரை, வேலை இழப்புக்காகத் தரும் தொகையில் நிறைவடைந்த ஓர் ஆண்டுக்கு 10,000 ரிங்கிட் வரை விலக்கு இருப்பதால் இந்தத் தொகை மீது வரி வராது.

இந்த இழப்பீட்டு அளவு மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவருக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. அவர்களுக்கு வேலை ஒப்பந்தமும் தொழிற்சங்க உடன்பாடும்தான் கைகொடுக்கும். சபா, சரவாக்கில் வேறு சட்டம். இங்கே சொல்வது தீபகற்ப மலேசியாவுக்கு.

கேள்வி கேட்கும் வழியையும் கடிதமே சொல்ல வேண்டும். "மனிதவளப் பிரிவை அணுகவும்" என்றால் யாரை அணுகுவது? ஓர் அதிகாரியின் பெயர், நேரடி எண், எத்தனை நாளில் எழுத்துப்பூர்வமாகப் பதில் வரும் என்பது இருக்க வேண்டும். இல்லாவிட்டாலும் உங்கள் கேள்வியை எழுதியே கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கையெழுத்துப் போடும் இடத்தில் "பெற்றுக்கொண்டேன்" என்று இருந்தால் போடலாம். "முழுமையாக ஏற்கிறேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்றிருந்தால் அவசரப்பட வேண்டாம், தொழிற்சங்கத்திடம் காட்டுங்கள். "பேர் கெடாமல் இருக்கட்டும், நீங்களே விலகுவதாக எழுதிக் கொடுங்கள்" என்று யாராவது அக்கறையாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தானாக விலகியவருக்கு இந்த இழப்பீடும் கிடையாது, பெர்கேசோவின் வேலைக் காப்புறுதிப் பணமும் கிடையாது.

பதில் திருப்தியில்லை என்றால் போகும் இடம் இரண்டு. தொகை குறைகிறது என்பது உங்கள் குறையானால் தொழிலாளர் இலாகா. என்னை நீக்கியதே நியாயமில்லை, என் வேலையை வேறொருவர் பார்க்கிறார், எனக்குப் பிறகு வந்தவரை வைத்துக்கொண்டு காரணம் சொல்லாமல் என்னை அனுப்பினார்கள் என்றால் தொழில் உறவு இலாகா. இரண்டாவதற்கு 60 நாள்தான் கெடு. முன்னறிவிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே மனு கொடுக்கலாம். நம் பெண்மணிக்கு நவம்பர் 27 கடைசி. நிறுவனத்தோடு கடிதம் எழுதிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதற்காக இந்தக் கெடு நீளாது. வேலைக் காப்புறுதிக்கும் வேலை போன நாளிலிருந்து 60 நாள்தான். அதற்கு இந்தக் கடிதத்தின் நகலைக் கேட்பார்கள், அதில் ஆட்குறைப்பு என்ற காரணம் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.