வீடு திரும்பிய பிறகும் சிகிச்சை

ஒரு தையல்காரரை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் காலை அவருக்கு வலது கையும் காலும் வரவில்லை. வாய் கோணியது. மூளைக்குப் போகும் இரத்தம் அடைபட்டதால் வந்த பக்கவாதம் இது. எட்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். மார்ச் 10 அன்று வீடு திரும்பினார். உயிர் பிழைத்தார். ஆனால் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை.

மூளையில் கெட்டுப்போன பகுதி திரும்ப வளராது. ஆனால் அதன் வேலையைப் பக்கத்துப் பகுதிகள் ஓரளவு கற்றுக்கொள்ளும். ஒரே அசைவைத் தினமும் பலமுறை செய்தால்தான் அவை கற்கும். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பிறகும் மெதுவாக நடக்கும். இந்தப் பயிற்சியைத்தான் பிசியோதெரபி என்கிறோம்.

பயிற்சியாளர் வீட்டுக்கு வந்தார். மனைவி கணவரின் வலது கையைப் பிடித்து இழுத்து எழுப்புவதைப் பார்த்தார்.

"அம்மா, அந்தக் கையை இழுக்காதீங்க. தோள் மூட்டு நழுவிடும். இடுப்பைப் பிடிச்சுத் தூக்குங்க" என்றார்.

ஒரு நாள் பயிற்சிக்கு 400 ரூபாய். முப்பது நாளுக்கு 12,000 ரூபாய் ஆனது. அதைக் கேட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதினார்கள். கம்பெனி மறுத்துவிட்டது. ஏன்?

மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி பெரும்பாலும் மருத்துவமனைப் படுக்கையைக் கணக்கில் கொண்டு எழுதப்படுகிறது. பொதுவாக 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும். வீட்டில் செய்யும் பயிற்சி அதில் சேராது. ஆனால் ஒரு வழி உண்டு. வீடு திரும்பிய பின் சில நாள் வரை அதே நோய்க்கு ஆகும் செலவைப் பல பாலிசிகள் தருகின்றன. 60 நாள் என்று வைத்துக்கொண்டால், இவருக்கு அது மே 9 வரை. எலும்பு முறிவுக்குப் பிறகு செய்யும் பயிற்சிக்கும் இதே கணக்குத்தான்.

அப்படியானால் இவருக்கு ஏன் மறுத்தார்கள்? டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகள் மட்டுமே இருந்தன. பிசியோதெரபி என்ற சொல் இல்லை. ரசீதும் வெறும் துண்டுச் சீட்டு. அதில் தேதியும் இல்லை, பயிற்சியாளரின் பதிவு எண்ணும் இல்லை.

மனைவி மருத்துவரிடம் போனார். எத்தனை வாரம் பயிற்சி தேவை என்று எழுதி வாங்கினார். தேதி வாரியாக ரசீதும் வாங்கினார். இரண்டையும் வைத்து மீண்டும் எழுதினார். பணம் வந்தது.

கம்பெனி மறுபடியும் மறுத்தால், அல்லது ஒரு மாதம் பதிலே தராவிட்டால், இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் புகார் செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

மே 9-க்குப் பிந்திய செலவு அந்தப் பாலிசியில் கிடைக்காது. ஆகவே அதற்குள் வீட்டாரும் பயிற்சியைக் கற்றுக்கொள்ள வேண்டும். பிறகு அரசு மருத்துவமனையின் பிசியோதெரபிப் பிரிவுக்கும் போகலாம். தையல்காரர் இப்போது கத்தரிக்கோலைப் பிடிக்கிறார். துணி வெட்ட இன்னும் வரவில்லை. பயிற்சி தொடர்கிறது.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் டிஸ்சார்ஜ் சீட்டைப் படித்துப் பாருங்கள். பிசியோதெரபி என்று எழுதியிருக்கிறதா?