மூன்று வழி, ஒரே 33 லட்சம்

சிவகாசியில் ஒரு சிறிய பிரைவேட் லிமிடெட் அச்சகம் 80 லட்சம் ரூபாய்க்கு ஒரு ஆஃப்செட் மெஷின் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மெஷின் ஆண்டுக்கு 1 கோடி ரூபாய்க்கு வேலை பார்க்கும். பேப்பர், மை, பிளேட், கூலி, கரண்ட் எல்லாம் சேர்த்து 60 லட்சம் செலவாகும். ஆண்டு முடிவில் ஆடிட்டர் எழுதித் தரும் லாப நட்டக் கணக்கு, நிகர லாபம் 21 லட்சம் என்று முடிகிறது. ஆனால் அந்த ஆண்டில் மெஷின் சம்பாதித்துக் கொடுத்த ரொக்கம் 33 லட்சம். நடுவில் இருக்கும் 12 லட்சம் எங்கே போனது?

எங்கேயும் போகவில்லை. அது தேய்மானம். வருமான வரிச் சட்டப்படி இத்தகைய இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். 80 லட்சத்தில் அது 12 லட்சம். மெஷினுக்கான பணம் வாங்கிய அன்றே கைவிட்டுப் போய்விட்டது. பின்னால் வரும் ஆண்டுகளில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு என்று எழுதுவது ஏட்டளவில் நடக்கும் காரியம்தான். அதற்காக யாரும் செக் எழுதுவதில்லை.

கணக்கு இப்படிப் போகிறது. விற்பனை 100 லட்சம், செலவு 60, மீதி 40. அதில் தேய்மானம் 12 போக 28. சலுகைகளை விட்டுக்கொடுத்துக் குறைந்த வரிவிகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் கம்பெனிக்கு 22 சதவீத வரி, சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 25.168 சதவீதம் ஆகும். எளிமைக்காக 25 என்றே கொள்ளலாம். 28 லட்சத்துக்கு வரி 7 லட்சம். நிகர லாபம் 21.

இந்த ஏட்டிலிருந்து ரொக்கத்தைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. முதல் வழி அடியிலிருந்து மேலே ஏறுவது: நிகர லாபம் 21, அதோடு தேய்மானம் 12, ஆக 33. இரண்டாவது மேலிருந்து இறங்குவது: விற்பனை 100, அதில் உண்மையாகவே பணமாக வெளியே போன செலவு 60, வரி 7, மீதி 33. இந்த வழியில் தேய்மானம் என்ற பேச்சே வராது. போகாத பணத்தைக் கழிக்கவும் வேண்டாம், திரும்பக் கூட்டவும் வேண்டாம்.

மூன்றாவது வழி கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. தேய்மானமே இல்லை என்று முதலில் பாவித்துக்கொள்கிறது. அப்படியானால் 40 லட்சத்துக்கும் வரி கட்ட வேண்டும். 10 லட்சம் போய் 30 மிஞ்சும். ஆனால் தேய்மானம் இருப்பதால் 12 லட்சத்துக்கு வரி கிடையாது. அதில் மிச்சமானது 12-ல் கால்பங்கு, 3 லட்சம். முப்பதும் மூன்றும் முப்பத்து மூன்று.

மூன்றும் ஒன்றாவதில் மாயம் எதுவும் இல்லை. எந்த வழியில் போனாலும் 40 லட்சம் உள்ளே வந்து 7 லட்சம் வரியாக வெளியே போகிறது. அதே உண்மையை மூன்று வரிசையில் எழுதுகிறோம். அப்படியானால் மூன்று எதற்கு? நடந்து முடிந்த ஆண்டுக்கு முதல் வழி போதும்; ஏட்டின் கடைசி வரியும் தேய்மான வரியும் கையில் இருக்கின்றன. இனி வரப்போகும் ஆண்டுகளைக் கணிக்கும்போதுதான் மூன்றாவது வழியின் அருமை தெரியும். விற்பனையும் செலவும் மாறவில்லை என்றால் 30 லட்சம் அப்படியே நிற்கும், வரிமிச்சம் மட்டுமே மாறும். இரண்டாம் ஆண்டில் தேய்மானம் மீதி 68 லட்சத்தில் 15 சதவீதம், அதாவது 10.2 லட்சம். அதில் கால்பங்கு 2.55. ரொக்கம் 32.55 லட்சம்.

மெஷின் அக்டோபர் முதல் வாரத்தைத் தாண்டி ஓடத் தொடங்கினால் அந்த நிதியாண்டில் பயன்பட்டது 180 நாளுக்கும் குறைவு. அப்போது சட்டம் பாதித் தேய்மானமே தரும், 6 லட்சம். சில வாரத் தாமதத்தில் முதல் ஆண்டு வரிமிச்சம் 3 லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சமாகிவிடும். கழிக்காமல் விட்டது அடுத்தடுத்த ஆண்டுகளில் மெல்ல வந்து சேரும் என்றாலும், தவணை கட்டும் அச்சகத்துக்கு இந்த ஆண்டின் பணம்தானே முக்கியம்.

இதுவரை ஒரு விஷயத்தைப் பேசாமல் வந்தோம்: கடன். 80 லட்சத்தைக் கைக்காசில் போடும் அச்சகம் அபூர்வம். பேங்க் கடனுக்கு ஆண்டு வட்டி 8 லட்சம் என்று வைத்தால் வரிக்குரிய லாபம் 20, வரி 5, நிகர லாபம் 15. இப்போது மூன்று வழியிலும் கணக்குப் போட்டால் வேடிக்கை. முதல் வழி 15-உம் 12-உம் சேர்த்து 27 என்கிறது. இரண்டாவது வழியில் நூறில் அறுபதும் ஐந்தும் போக 35. மூன்றாவது மட்டும் அசையாமல் 33-இல் நிற்கிறது.

ஆனால் இந்த இடைவெளிகளே நோயைச் சொல்லிவிடுகின்றன. 35-க்கும் 27-க்கும் நடுவில் உள்ள 8 லட்சம் வட்டி. 35-க்கும் 33-க்கும் நடுவில் உள்ள 2 லட்சம், அந்த வட்டியால் மிச்சமான வரி. மெஷின் தேறுமா என்று பார்க்கும் கணக்கில் வட்டி வரவே கூடாது. பணத்தை எங்கிருந்து புரட்டினோம் என்பது வேறு கேள்வி, அதன் செலவு வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதத்திலேயே அடங்கிவிடுகிறது. ஆகவே 27-உடன் வட்டி எட்டைக் கூட்டி, வட்டியால் கிடைத்த வரிமிச்சம் இரண்டைக் கழித்தால் மறுபடி 33. விடைகள் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் வட்டியைத் தேட வேண்டும்.

ஒத்துப்போய்விட்டால் மட்டும் பணம் பேங்கில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. காலண்டர் அச்சடித்துக் கொடுத்த கடைக்காரர்களிடம் ஆண்டு முடிவில் 14 லட்சம் பாக்கி நின்றால், ஏடு அதையும் விற்பனையாகவே எண்ணியிருக்கும். கையில் இருப்பது 19 லட்சம்தான். பாக்கியும் சரக்கிருப்பும் கூடியதைத் தனியாகக் கழிக்க வேண்டும். லாப நட்டக் கணக்கில் அந்தச் செய்தி இருக்காது, பேலன்ஸ் ஷீட்டில் தேட வேண்டும்.

இதைவிட மோசமானது, செலவையே சொத்து என்று எழுதுவது. அச்சகத்தின் 60 லட்சம் செலவில் 10 லட்சத்தை மெஷின் மதிப்போடு சேர்த்து எழுதிவிட்டால் செலவு 50 ஆகும், தேய்மானம் 13.5 ஆகும். மூன்று வழியும் ஒரே குரலில் கிட்டத்தட்ட 40.9 லட்சம் என்று சொல்லும். பத்து லட்சமோ கைவிட்டுப் போனது போனதுதான்.

அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் வேர்ல்ட்காம் செய்தது இதைத்தான். மற்ற கம்பெனிகளின் இணைப்புகளைப் பயன்படுத்தியதற்குக் கட்டிய வாடகையைச் சொத்துக் கணக்கில் ஏற்றியது. சிந்தியா கூப்பர் தலைமையிலான உள்தணிக்கைக் குழு அதைக் கண்டுபிடித்தது. 380 கோடி டாலர் இப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று 2002 ஜூனில் கம்பெனியே அறிவித்தது. அடுத்த மாதம் திவால் மனு போட்டது. அங்கே லாபமும் பொய், தொழிலில் வந்த ரொக்கமும் பொய். ஆனால் சொத்து வாங்கியதாகச் சொன்ன தொகை ரொக்க அறிக்கையில் தனித் தலைப்பில் இருந்தது. எந்தக் கம்பெனியின் அறிக்கையைப் படித்தாலும் அந்த வரியையும் சேர்த்துப் பாருங்கள்.