பாட்டின் பெயர் தெரியாவிட்டால் நேரத்தைத் தேடுங்கள்

சில வாரங்களுக்கு முன் கேட்ட ஒரு பாட்டு. வரி நினைவில் இல்லை, எந்தப் படம் என்றும் தெரியாது, மெட்டு மட்டும் விட்டு விட்டு வந்து போகிறது. தெரிந்தவர்களிடமெல்லாம் முனகிக் காட்டி அலுத்துப்போனவர்கள் ஏராளம். அந்தப் பாட்டு உங்கள் போனிலிருந்து ஒலித்திருந்தால் இந்தப் பாடு தேவையே இல்லை. எந்த நாள், எத்தனை மணி என்று கண்டுபிடித்துவிட்டால் பெயர் தானாகக் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒருவர் 2025 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை இரவு திருச்சியிலிருந்து சென்னைக்குக் காரில் வருகிறார். போனில் ஸ்பாட்டிஃபை தானாக ஓடிக்கொண்டிருக்கிறது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் சுங்கச்சாவடி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வந்த பாட்டு மனதில் நின்றுவிட்டது. மூன்று வாரம் கழித்து அது வேண்டும்.

நேரத்துக்கு நம் நினைவை நம்பக் கூடாது. அன்றைய ஃபாஸ்டேக் குறுஞ்செய்தியைத் திறந்தால் சுங்கம் கழிந்த நேரம் நள்ளிரவு 12:05 என்று இருக்கிறது. டீக்கடையில் ஜிபே செய்த ரசீது, அப்போது எடுத்த போட்டோ, வந்த அழைப்பு எல்லாமே இதே வேலையைச் செய்யும். ஆக, பாட்டு ஒலித்தது 12:05-க்கும் 12:30-க்கும் இடையில்.

அடுத்து, கேட்ட வரலாறு. இணையதளத்தில் உங்கள் கணக்கின் Account privacy பக்கத்துக்குப் போய் Extended streaming history என்பதைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். உடனே ஒரு மின்னஞ்சல் வரும். அதிலுள்ள உறுதிப்படுத்தும் பொத்தானை அழுத்தினால்தான் விண்ணப்பமே நகரும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கோப்பு வர 30 நாள் வரை ஆகலாம். அவ்வளவு பொறுக்க முடியாதவர்கள் Account data என்பதைக் கேட்கலாம். அது ஐந்து நாளுக்குள் வரும், கடந்த ஓராண்டுக் கணக்கு அதில் இருக்கும். நான் நீண்ட பதிவையே விரும்புகிறேன். பாட்டு எப்படித் தொடங்கியது, எப்படி முடிந்தது என்பதுகூட அதில் உண்டு.

கணினியில் கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் இப்படிச் சில வரிகள் இருக்கும்:

```
"ts": "2025-06-14T18:52:09Z",
"ms_played": 241300,
"reason_start": "trackdone",
"reason_end": "trackdone"
```

இதைப் பார்த்ததும் குழப்பம் வரும். ஞாயிறு அதிகாலையில் கேட்ட பாட்டு சனிக்கிழமை மாலை 6:52 என்று பதிவாகியிருக்கிறதே! நேரத்தின் கடைசியில் உள்ள Z என்ற எழுத்து, இது உலகப் பொது நேரம் என்பதற்கான அடையாளம். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். கூட்டினால் 15ஆம் தேதி 12:22. அதுவும் பாட்டு முடிந்த நேரம். 241300 என்பது மில்லிசெகண்டில் ஓடிய அளவு, அதாவது நான்கு நிமிடம். ஆகவே பாட்டு தொடங்கியது 12:18. நாம் தேடிய இடைவெளிக்குள் சரியாக வந்து உட்காருகிறது.

கோப்பு பெரிதாக இருந்தாலும் கவலை வேண்டாம். தேடும் பெட்டியில் 2025-06-14T18 என்று போட்டால் இரவு 11:30 முதல் 12:30 வரை முடிந்த பாட்டுகள் மட்டும் வரும். அதில் ஐந்து, பத்து செகண்டே ஓடியவற்றைத் தள்ளிவிடலாம். தொடக்கக் காரணம் trackdone என்றிருந்தால் முந்தைய பாட்டு முடிந்து அது தானாக வந்தது. Clickrow என்றால் நீங்களே விரலால் தொட்டுப் போட்டது. பெயர் தெரியாத பாட்டு பெரும்பாலும் முதல் வகை. மிஞ்சுவது நாலைந்து பாட்டுகள்தான், போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும்.

யூடியூபில் கேட்டிருந்தால் வேலை இன்னும் எளிது. myactivity.google.com பக்கத்தில் தேதியைக் கொடுத்துப் பார்க்கலாம், ஐந்தரை மணி கூட்ட வேண்டியதில்லை. ஆனால் தானாக அழியும் ஏற்பாடு அங்கே உண்டு. மூன்று மாதம் என்று வைத்திருந்தால் அதற்கு முந்தையது கிடைக்காது.

கடையிலோ கல்யாண வீட்டிலோ ஒலித்த பாட்டு என்றால் உங்கள் கேட்ட வரலாற்றில் அது இருக்காது. அப்போது ஷாஸாமைத் தட்டியிருந்தீர்களா என்று பாருங்கள். அதன் பட்டியலில் தேதியோடு நிற்கும். ஐபோனின் கட்டுப்பாட்டு மையத்தில் உள்ள ஷாஸாம் குறியைத் தட்டியிருந்தால், அதையே அழுத்திப் பிடியுங்கள், பழைய பட்டியல் விரியும். கூகுள் பிக்சல் போன்களில் Now Playing இயக்கத்தில் இருந்தால், நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே சுற்றிலும் ஒலித்த பாட்டுகளை நேரத்தோடு குறித்து வைத்திருக்கும்.

இவை எல்லாம் பதிவு செய்து வெளியான ஒலியோடு ஒப்பிட்டே அடையாளம் சொல்கின்றன. மேடையில் இசைக்குழு நேரில் பாடியதைப் பெரும்பாலும் பிடிக்காது. அன்று காரில் ஓடியது வேறொருவர் போன் என்றால் வரலாறும் அவர் கணக்கில்தான் இருக்கும். தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு அவரிடமே கேளுங்கள்.