பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருப்பவர் யார்?

"எலிபன்ட் ஹவுஸ்" சோடாவைக் குடிக்காதவர்கள் எமது கிராமங்களில் குறைவு. போத்தலில் சிறிய எழுத்தில் இருப்பதை வாசித்தவர்களும் குறைவுதான். அதைத் தயாரிக்கும் கம்பனியின் பெயர் "சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ்". "கீல்ஸ்" என்று பலகை தொங்கும் கடையில் மரக்கறி வாங்கினால், பற்றுச்சீட்டில் "ஜேகே மார்க்கெட்டிங் சேர்விசஸ்" என்ற கம்பனியின் பெயர் இருக்கும். இதில் ஒளிவுமறைவு எதுவுமில்லை. ஒன்று சனங்கள் வாயில் நிற்கிற வியாபாரப் பெயர். மற்றது சட்டத்தின் முன் நிற்கிற பெயர். கடன் வாங்குவதும், கடன் கொடுப்பதும், நீதிமன்றத்தில் பதில் சொல்வதும் இரண்டாவது பெயர்தான்.

சொந்த ஊரில் இந்த வேறுபாடு எமக்குத் தேவைப்படவில்லை. கடைக்காரரையும் தெரியும், அவரின் தகப்பனையும் தெரியும், வீட்டுப் படலையும் தெரியும். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் கடன்காரர் யார் என்பதில் சந்தேகம் வராது. இடம்பெயர்ந்து வந்து, குத்தகைக் காணியில் பயிர் செய்து, அறியாத சந்தையில் விற்கும்போது எமக்குத் தெரிந்தது பலகை மட்டுமே. பலகையை நம்பிப் பொருளைக் கொடுக்கிறோம்.

இப்படி ஒரு சம்பவத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு குடும்பம் 12 மூட்டை கச்சானைப் பட்டணத்துக் கடையொன்றுக்குக் கொடுக்கிறது. மூட்டைக்கு 40 கிலோ, ஆக 480 கிலோ. கிலோ 300 ரூபாவாக மொத்தம் 1,44,000 ரூபா. கையில் கிடைத்தது 44,000. மீதி ஒரு லட்சத்துக்கு ஒரு துண்டு எழுதித் தரப்பட்டது. துண்டின் தலைப்பில் "பொன்வயல்" என்று அச்சிட்டிருக்கிறது (பெயர் உதாரணத்துக்கு நாம் வைத்தது). கீழே வாசிக்க முடியாத ஒரு கையெழுத்து. முகவரி இல்லை. நான்கு மாதம் கழித்துப் போனால் அதே பலகை, அதே மேசை, ஆனால் வேறு ஆள். "கடையை நாங்கள் வாங்கிவிட்டோம், பழைய கணக்கு எங்களுக்குத் தெரியாது" என்கிறார்.

அவர் சொல்வது பொய்யென்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. பலகையை வாங்கியதால் மட்டும் பழைய கடன் புதியவர் தலையில் ஏறுவதில்லை. கச்சானை வாங்கிய அன்று "பொன்வயல்" என்ற பெயரில் வியாபாரம் செய்தவர் யாரோ, அவரே கடன்காரர். அவர் தனி ஆளாக இருக்கலாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்த பங்குடைமையாக இருக்கலாம். கம்பனியாகவும் இருக்கலாம். தனி ஆள் என்றால் அவரின் சொந்தச் சொத்தும் கடனுக்குப் பொறுப்பு. பங்குடைமை என்றால் பங்காளிகள் பொறுப்பு. கம்பனி என்றால் கதை வேறு. வரையறுத்த கம்பனி சட்டப்படி தனியான ஓர் ஆள். அதன் கடனுக்கு அதன் சொத்தே பொறுப்பு. முதலாளியின் மாடி வீட்டையும் லொறியையும் பார்த்து நம்பிக் கொடுத்திருப்போம். அவை அவரின் சொந்தப் பெயரில் இருந்தால், கம்பனியின் கடனுக்காக அவற்றில் கைவைப்பது மிகக் கடினம். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி ஒரேயொரு பங்குதாரருடனும் கம்பனி தொடங்கலாம். ஆகவே "கம்பனி" என்ற சொல்லைக் கேட்டுப் பெரிய முதல் இருக்கிறதென்று எண்ணிவிட வேண்டாம்.

கம்பனியை அடையாளம் காண்பது சுலபம். தனியார் கம்பனியின் பெயர் "பிரைவேட் லிமிட்டெட்" என்றோ அதன் சுருக்கத்துடனோ முடியும். கூடவே ஒரு பதிவிலக்கம் உண்டு. தனியார் கம்பனியானால் அது "பி.வி." என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்களுடன் தொடங்கும். கடிதம், காசோலை, விலைச்சிட்டை, பற்றுச்சீட்டு ஆகியவற்றில் இந்தப் பெயரும் இலக்கமும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் கட்டளை. பலகைப் பெயர் மேலே பெரிதாக இருக்கட்டும், தடையில்லை. சட்டப் பெயரும் எங்காவது இருக்க வேண்டும்.

கம்பனி அல்லாதவர் தம் சொந்தப் பெயரல்லாத வேறொரு பெயரில் வியாபாரம் செய்தால் அந்தப் பெயரைப் பதிய வேண்டும். 1918 ஆம் ஆண்டின் வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிற கடமை இது. விண்ணப்பம் பிரதேச செயலகத்தினூடாகப் போகும். பதிவுச் சான்றிதழைக் கடையில் பார்வைக்குத் தெரியும்படி வைக்க வேண்டும். கண்ணாடிச் சட்டத்தில் சாமிப் படத்துக்கோ மாதா படத்துக்கோ பக்கத்தில் அது தொங்குவதைப் பலர் கண்டிருப்பீர்கள். அதில் உரிமையாளரின் உண்மைப் பெயர் இருக்கும். பொருளை இறக்கும்போது அதைப் பார்த்து எழுதிக்கொள்ள இரண்டு நிமிடம் போதும். ஆனால் அந்தச் சான்றிதழ் பெயருக்கு உரித்துத் தருவதில்லை. வவுனியாவில் ஒரு "பொன்வயல்" இருந்தால் மன்னாரில் இன்னொன்று இருக்கலாம். இரண்டும் ஒரே ஆளுடையவை என்று எண்ணக் கூடாது.

எழுதிக் கேட்பதற்குக் கூச்சப்படுகிறோம் என்பது உண்மை. "முதலாளி, துண்டிலை உங்கட முழுப்பேரும் விலாசமும் போட்டு ஒரு றப்பர் முத்திரையும் குத்தித் தாங்கோ" என்று கேட்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை. கம்பனி என்றால் முழுப் பெயரும் இலக்கமும், கையொப்பமிட்டவரின் பெயரும் பதவியும் வேண்டும். சரியான கம்பனிப் பெயரைப் போடாமல் ஒருவர் கையொப்பமிட்டால், அந்த ஆவணத்துக்கு அவரும் கம்பனியைப் போலவே பொறுப்பாளியாக நேரிடலாம். நல்ல வியாபாரிக்கு இது தெரியும், தயங்காமல் எழுதித் தருவார். எத்தனை தடவை கேட்டாலும் பலகைப் பெயரையே எழுதுகிறவரிடம் கடனுக்குக் கொடுக்காமல் விடுவதே நல்லது என்பது என் எண்ணம்.

பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் eroc.drc.gov.lk என்ற தளத்துக்குப் போனால் கம்பனிப் பெயர் பதிவில் உள்ளதா என்று தேடலாம். அங்கே பலகைப் பெயர் அகப்படாவிட்டால் கடை பொய் என்று அர்த்தமில்லை. அது தனி ஆளின் வியாபாரமாக இருக்கலாம், அல்லது கம்பனிக்கு வேறு பெயர் இருக்கலாம்.

மேலே சொன்ன குடும்பம் என்ன செய்யலாம்? 44,000 ரூபா காசோலையாகவோ வங்கி வழியாகவோ வந்திருந்தால், காசு வந்த கணக்கின் பெயரைப் பார்க்க வேண்டும். கையிற் காசாக வந்திருந்தால் பிரதேச செயலகத்தில் அந்த வியாபாரப் பெயர் யாருடைய பெயரில் பதிவாகியிருந்தது என்று விசாரிக்கலாம். உண்மையான பெயரும் முகவரியும் கையில் வந்த பின்னரே மத்தியஸ்த சபைக்குப் போவதில் பயனுண்டு. பலகைக்கு அழைப்பு அனுப்ப முடியாது.

இதைத் தேடுவதில் காலத்தைப் போக்கிவிடக் கூடாது. விற்றுக் கொடுத்த பொருளின் பணத்துக்கு, அது கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்பது காலவிதிப்புச் சட்டத்தின் பொது விதி. "அடுத்த போகத்துக்குத் தாறன்" என்ற வாய்ச்சொல்லை நம்பி இரண்டு போகம் காத்திருந்தால் உரிமை போய்விடலாம். கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்ட கடிதம் இருந்தால் நிலைமை மாறும், ஆனால் அதில் கையொப்பமிடுபவர் உண்மையான கடன்காரராக இருக்க வேண்டும். ஒரு வருடம் நெருங்கினால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையை நாடுங்கள். துண்டு, காசோலைப் பிரதி, லொறிக்காரரின் பெயர், கொடுத்த திகதி எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.

மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பொதிசெய்து விற்கும் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. பொதியில் அழகான பெயரை ஒட்டிவிட்டுப் பதியாமல் விட்டால், காசு தராத கடைக்காரருக்கு எதிராக வழக்கு வைக்க அந்தக் குறை தடையாகலாம். அவர் உங்களுக்கு எதிராக வழக்கு வைக்க அதே குறை தடையாகாது. உங்கள் சொந்த முழுப்பெயரிலேயே விற்றால் பதிவு தேவையில்லை.