பெடல் உதறினால் காலை எடுக்காதீர்கள்

மழை ஓய்ந்த மாலை. நான்குவழிச் சாலையில் காரில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். நடுத்திட்டிலிருந்து ஒரு மாடு சாலையில் இறங்குகிறது. பிரேக்கை ஓங்கி மிதிக்கிறீர்கள். காலுக்கடியில் பெடல் தடதடவென்று உதறுகிறது, கீழே ஏதோ அரைபடுவது போலச் சத்தம் வருகிறது. பிரேக் போய்விட்டது என்று பதறிக் காலைத் தூக்குகிறவர்கள் நிறையப் பேர். உண்மையில் அந்த உதறல்தான் ஏபிஎஸ் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

ஒவ்வொரு சக்கரத்திலும் அது சுற்றும் வேகத்தைக் கவனிக்கும் சென்சார் இருக்கிறது. சக்கரம் சுழல்வது நின்று வழுக்கப் போகிறது என்று தெரிந்ததும், அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் அழுத்தத்தை ஏபிஎஸ் சற்றே தளர்த்தி மறுபடி கூட்டுகிறது. ஒரு நொடிக்குள் இது பல முறை நடப்பதால்தான் பெடல் அதிர்கிறது. சக்கரம் உருண்டுகொண்டே இருப்பதால் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கும். பூட்டிக்கொண்ட சக்கரமோ, நீங்கள் எந்தப் பக்கம் திருப்பினாலும் நேராகத்தான் சறுக்கும்.

ஆகவே முழு பலத்தோடு மிதித்து, வண்டி நிற்கும்வரை அப்படியே அழுத்தி வைத்திருங்கள். கியர் வண்டியானால் கிளட்சையும் மிதியுங்கள். இடம் இருந்தால் ஸ்டியரிங்கை அளவாகத் திருப்பி விலகுங்கள். பழைய அம்பாசடர் காலத்தில் விட்டு விட்டு மிதிக்கக் கற்றவர்களுக்கு இதுதான் கஷ்டம். ஏபிஎஸ் உள்ள வண்டியில் அந்தப் பழக்கம் நிற்கும் தூரத்தைக் கூட்டத்தான் செய்யும்.

ஆனால் ஏபிஎஸ் ஈரச் சாலையை உலர்ந்த சாலை ஆக்கிவிடாது. தோராயமாக ஒரு கணக்கு. மாட்டைப் பார்த்து பிரேக் மிதிக்க ஒரு நொடி ஆகும் என்று வையுங்கள். அதற்குள்ளேயே வண்டி 22 மீட்டர் போய்விடும். நல்ல டயர், உலர்ந்த தார்ச்சாலை என்றால் அதன்பின் ஏறக்குறைய 36 மீட்டரில், மொத்தம் 58 மீட்டரில் நிற்கும். சாலை நனைந்திருந்தால் பிரேக் மிதித்தபின் மட்டும் 63 மீட்டர், மொத்தம் 85. இன்னொரு விதமாகப் பாருங்கள்: உலர்ந்த சாலையில் நின்றிருக்கும் அதே இடத்தை, ஈரச் சாலையில் இன்னும் 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கடந்துகொண்டிருப்பீர்கள்.

தேய்ந்த டயர் இதையும் மோசமாக்கும். தேங்கிய நீரில் டயர் தரையைத் தொடாமல் மிதந்தால் ஏபிஎஸ்ஸுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. தளர்ந்த சரளையில், பூட்டிய சக்கரம் முன்னே கல்லைக் குவித்துத் தானே தடுப்பு போட்டுக்கொள்ளும். ஏபிஎஸ் அதை நடக்கவிடாததால் நிற்கும் தூரம் சற்று நீளவும் செய்யலாம்.

சாவி போட்டதும் எரியும் ஏபிஎஸ் விளக்கு சில நொடிகளில் அணையாவிட்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சாதாரண பிரேக் இருக்கும், ஏபிஎஸ் இருக்காது. ஒரு மழை நாளில் ஆளில்லாத காலி மைதானத்தில் 30, 40 வேகத்தில் போய் ஒருமுறை ஓங்கி மிதித்து, அந்த உதறலைக் காலுக்குப் பழக்கிவிடுங்கள்.